விக் சொல்வதும் சொல்லாததும்: ஒற்றைக் கேண்டிலில் வாங்குவோர், விற்போர் அழுத்தம்

2021 மே 19-ஆம் தேதி, பைனான்ஸ் எக்ஸ்சேஞ்சின் BTCUSDT சார்ட்டில் பிட்காயினின் தினசரி கேண்டில் இப்படி முடிந்தது: ஓப்பன் ஏறத்தாழ 42,850 டாலர், ஹை 43,585, லோ சரியாக 30,000, குளோஸ் 36,690. சார்ட்டில் அது ஒரு பெரிய சிவப்பு உடல். அதற்குக் கீழே உடலைவிடச் சற்று நீளமான விக். கீழ் விக் நீண்டிருந்தால் வாங்குவோர் வந்துவிட்டார்கள் என்பது சார்ட் படிக்கத் தொடங்கும் எவருக்கும் முதலில் சொல்லித்தரப்படும் பாடம். அந்தப் பாடத்தின்படி 30,000 டாலர்தான் அந்தச் சரிவின் தரை. ஆனால் ஜூன் 22 அன்று விலை அந்தத் தரையை உடைத்துக்கொண்டு 28,805 வரை இறங்கியது.

அப்படியானால் மே 19 கேண்டில் பொய் சொன்னதா? இல்லை என்பதே என் கருத்து. அந்தக் கேண்டிலில் இருந்த நான்கு எண்களும் சொல்லவேண்டியதைச் சரியாகவே சொல்லின. விக்கின் நீளத்தை மட்டும் பார்த்து, அது உடலோடு எந்த விகிதத்தில் நிற்கிறது, குளோஸ் எங்கே விழுந்தது, அந்த விக் எதனால் உண்டானது என்று பார்க்காமல் விட்டால்தான் தவறு நேர்கிறது. ஒரே ஒரு கேண்டிலின் உடலையும் விக்குகளையும் வைத்து வாங்குவோர், விற்போர் அழுத்தத்தை எந்த அளவுக்குக் கணிக்க முடியும், எந்த இடத்தில் அது கைவிடும் என்பதைப் பிட்காயினின் சில உண்மையான நாள்களை வைத்தே இங்கே பார்க்கிறேன்.

அழுத்தம் என்றால் என்ன

"இன்று விற்றவர்களைவிட வாங்கியவர்கள் அதிகம்" என்று அடிக்கடி சொல்கிறோம். அளவைப் பொறுத்தவரை அது நடக்கவே முடியாத காரியம். ஒரு பிட்காயின் விற்கப்பட்டால் ஒரு பிட்காயின் வாங்கப்பட்டிருக்கிறது. இரண்டு பக்கமும் எப்போதும் சமம். வித்தியாசம் எண்ணிக்கையில் இல்லை, அவசரத்தில் இருக்கிறது. ஒரு தரப்பு லிமிட் ஆர்டர் போட்டு, "இந்த விலைக்கு வந்தால் எடுத்துக்கொள்கிறேன்" என்று காத்திருக்கிறது. இன்னொரு தரப்பு மார்க்கெட் ஆர்டர் போட்டு, எந்த விலை கிடைத்தாலும் சரி, இப்போதே வேண்டும் என்கிறது. அவசரப்படும் தரப்பின் ஆர்டர்கள், காத்திருக்கும் ஆர்டர்களை ஒவ்வொரு விலைப்படியிலும் தீர்த்துக்கொண்டே போகும்போது விலை நகர்கிறது. தீர்க்க முடியாத அளவுக்கு ஆர்டர்கள் குவிந்திருக்கும் இடத்தில் விலை நிற்கிறது.

இதை மனதில் வைத்துக்கொண்டு கேண்டிலைப் பார்த்தால் உடலுக்கும் விக்குக்கும் தனித்தனிப் பொருள் கிடைக்கும். உடல் என்பது அந்தக் காலக்கெடு முழுவதும் நடந்த இழுபறியின் நிகரம்: தொடங்கிய விலைக்கும் முடிந்த விலைக்கும் உள்ள தூரம். விக் என்பது விலை போய்த் தொட்டும் தக்கவைத்துக்கொள்ள முடியாத பகுதி. கீழ் விக் இருந்தால் அங்கே விற்பனை நடந்தது உறுதி. முடிவில் விலை அங்கே இல்லை என்பதும் உறுதி. ஏன் இல்லை என்பதைக் கேண்டில் சொல்வதில்லை. பெரும் பணத்தோடு ஒருவர் வந்து வாங்கியிருக்கலாம். விற்க வேண்டியவர்கள் எல்லாரும் விற்று முடித்திருக்கலாம். அல்லது அந்த விலைப்பகுதியில் ஆளே இல்லாமல் விலை ஒரு கணம் சறுக்கித் திரும்பியிருக்கலாம். இந்த மூன்றும் சார்ட்டில் ஒரே மாதிரி விக்கைத்தான் வரையும்.

இரண்டு கேண்டில்கள், பக்கத்தில் பக்கத்தில்

முதலில் கேண்டிலுக்கு உள்ளேயே கிடைக்கும் தகவலை முழுமையாக எடுத்துவிடலாம். இதற்கு வேண்டியது எளிய கழித்தலும் வகுத்தலும்தான். ஹையிலிருந்து லோவைக் கழித்தால் மொத்த வீச்சு. அதில் உடல் எத்தனை பங்கு, மேல் விக் எத்தனை, கீழ் விக் எத்தனை என்று பார்க்க வேண்டும். இவற்றோடு இன்னொரு எண்ணும் உண்டு. இந்த நான்கில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் நான் அதைத்தான் வைத்துக்கொள்வேன். மொத்த வீச்சுக்குள் குளோஸ் எந்த உயரத்தில் நிற்கிறது என்பது அது:

```
(C - L) / (H - L)
```

விடை 1-க்கு அருகில் வந்தால் விலை உச்சியில் முடிந்திருக்கிறது, 0-க்கு அருகில் என்றால் அடியில், 0.5 என்றால் நடுவில்.

மே 19-க்கு வருவோம். மொத்த வீச்சு 13,585 டாலர். அது அன்றைய ஓப்பன் விலையில் ஏறத்தாழ 32 சதவீதம். பிட்காயினுக்கே அசாதாரணமான நாள். உடல் 6,160 டாலர், அதாவது வீச்சில் 45 சதவீதம். மேல் விக் 735, வெறும் 5 சதவீதம். கீழ் விக் 6,690, கிட்டத்தட்ட 49 சதவீதம். குளோஸின் இடம் 0.49.

கீழ் விக் பாதி வீச்சை எடுத்துக்கொண்டது உண்மைதான். ஆனால் விலை மீண்டது பாதி தூரம் மட்டுமே. அடியிலிருந்து 6,690 டாலர் ஏறியும், காலையில் தொடங்கிய விலைக்கு 6,160 டாலர் கீழேதான் நாள் முடிந்தது. மேல் விக் இல்லாத குறைதான் என்பதையும் கவனிக்க வேண்டும்: நாள் தொடங்கியதிலிருந்தே வாங்குவோர் ஓப்பன் விலைக்கு மேலே ஒன்றும் பெரிதாக முயலவில்லை. ஆக, இந்தக் கேண்டில் சொன்ன முழு வாக்கியம் இதுதான்: விற்பனை 30,000-த்தில் நின்றது, ஆனால் இழந்ததில் பாதியைத்தான் வாங்குவோரால் மீட்க முடிந்தது, நாள் இன்னமும் விற்போர் பக்கமே. இதை "தரை" என்று படிக்க இடமே இல்லை. கீழ் விக் உடலைப்போல் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும், உடல் வீச்சின் மேல்பகுதியில் இருக்க வேண்டும் என்று புத்தகங்கள் 'ஹேமர்' கேண்டிலுக்கு வைக்கும் விதிகளைக்கூட இது நிறைவேற்றவில்லை. விக்குக்கும் உடலுக்கும் உள்ள விகிதம் 1.1 மட்டுமே.

இனி ஜூன் 22. ஓப்பன் ஏறத்தாழ 31,610, ஹை 33,300, லோ 28,805, குளோஸ் 32,510. வீச்சு 4,500-க்குச் சற்றுக் குறைவு, ஓப்பனில் 14 சதவீதம். உடல் பச்சை, சிறியது, வீச்சில் 20 சதவீதம். மேல் விக் 18 சதவீதம். கீழ் விக் 62 சதவீதம், உடலைப்போல் மூன்று மடங்கு. குளோஸின் இடம் 0.82.

முந்தைய கேண்டிலோடு ஒப்பிட்டால் இது உருவத்தில் சிறியது. சார்ட்டில் கண்ணை இழுப்பது மே 19 கேண்டில்தான். ஆனால் அழுத்தம் மாறியதைத் தெளிவாகக் காட்டுவது இந்தச் சிறிய கேண்டில். 30,000 என்ற எல்லாருக்கும் தெரிந்த விலை உடைந்தது. அதற்குக் கீழே ஸ்டாப் லாஸ் வைத்திருந்தவர்களின் ஆர்டர்கள் வெடித்திருக்க வேண்டும். விற்போருக்கு அதைவிட நல்ல வாய்ப்பு அமையாது. இருந்தும் நாள் முடிவதற்குள் விலை உடைந்த இடத்துக்கு மேலே மட்டுமல்ல, தொடங்கிய இடத்துக்கும் மேலே வந்து நின்றது. மே 19 அன்று வாங்குவோர் மீட்டது பாதி. ஜூன் 22 அன்று அவர்கள் இழந்த அனைத்தையும் மீட்டு, அதற்கு மேலும் கொஞ்சம் எடுத்தார்கள். ஜூலை 20 அன்று விலை மீண்டும் 29,300 அருகே வந்தபோதும் 28,805 உடையவில்லை. 2022 மே மாதம் டெரா-லூனா சரிவில் 26,700 வரை விழுந்தபோதுதான் அந்த லோ போனது.

இதை வைத்து, குளோஸ் 0.8-க்கு மேல் இருந்தால் விலை ஏறும் என்று சூத்திரம் எழுதிவிடக் கூடாது. இரண்டு கேண்டில்கள் எதையும் நிரூபிக்காது. இவை நடந்து முடிந்தபின் நான் தேர்ந்தெடுத்தவை. நான் காட்ட வந்தது வேறு: "நீண்ட கீழ் விக்" என்ற ஒரே பெயரில் அழைக்கப்படும் இரண்டு கேண்டில்கள், அளந்து பார்த்தால் ஒன்றுக்கொன்று எதிரான செய்தியைச் சொல்ல முடியும்.

விக் எப்படி உண்டாகிறது

கேண்டிலுக்குள் இருக்கும் தகவல் இவ்வளவுதான். விக்கின் காரணத்தை அறிய அதற்கு வெளியே போயாக வேண்டும். கிரிப்டோவில் இது மிக முக்கியம். ஏனென்றால் இங்கே மிக நீண்ட விக்குகள் பலவும் யாரும் விரும்பி விற்றதால் வந்தவை அல்ல.

ஒரு விக் உருவாவதை எக்ஸ்சேஞ்சே விவரித்த அரிய சம்பவம் ஒன்று உண்டு. 2017 ஜூன் 21 அன்று, காயின்பேஸ் அப்போது ஜிடாக்ஸ் என்ற பெயரில் நடத்திய எக்ஸ்சேஞ்சில், பல மில்லியன் டாலர் மதிப்புள்ள ஒரே ஒரு மார்க்கெட் விற்பனை ஆர்டர் ஈதர்-டாலர் சந்தைக்கு வந்தது. அந்த ஆர்டர் 317.81 டாலரில் தொடங்கி, ஆர்டர் புக்கில் காத்திருந்த வாங்கும் ஆர்டர்களைப் படிப்படியாகத் தின்றுகொண்டே 224.48 வரை இறங்கியது. இதுவரை ஒருவருடைய அவசரம். அந்த இறக்கம் மற்றவர்கள் வைத்திருந்த ஸ்டாப் லாஸ்களையும், கடன் வாங்கி வர்த்தகம் செய்தவர்களின் கட்டாய விற்பனைகளையும் கிளப்பிவிட்டது. அப்படி ஏறத்தாழ 800 ஆர்டர்கள். அதற்குள் புக்கில் வாங்குவோர் கிட்டத்தட்ட இல்லை. விலை 10 சென்ட் வரை போனது. பிறகு நொடிகளில் திரும்பியது. பாதிக்கப்பட்டவர்களுக்கு நிறுவனம் தன் பணத்திலிருந்து ஈடுகட்டியது.

அந்தக் கேண்டிலின் கீழ் விக் 317-லிருந்து 0.10 வரை நீண்டது. சாதாரணப் பாடத்தின்படி படித்தால், வரலாற்றிலேயே மிக வலிமையான வாங்கும் அழுத்தம் அதுதான். உண்மையில் அந்த விக்கின் அடிப்பகுதி காட்டியது வாங்குவோர் இல்லாததை. விலை திரும்பியதற்குக் காரணம், ஈதர் 10 சென்டுக்கு மலிவு என்று ஒரு பெரும்படை பாய்ந்தது அல்ல. கட்டாயமாக விற்க வேண்டியவை தீர்ந்துபோயின. விற்பனை தீர்வதும் வாங்குவோர் வருவதும் ஒன்றல்ல. விற்பனை தீர்ந்ததால் திரும்பிய விலை, புதிதாக விற்பவர் வந்ததும் மறுபடி இறங்கும். வாங்குவோர் குவிந்திருந்ததால் திரும்பிய விலைக்குத்தான் கீழே தாங்குவதற்கு ஆள் உண்டு.

இன்றைய கிரிப்டோ சந்தையில் இந்தக் கட்டாய விற்பனை பெரும்பாலும் பெர்பெச்சுவல் ஃபியூச்சர்ஸில் நடக்கிறது. ஒருவர் பத்து மடங்கு லெவரேஜில் வாங்கியிருந்தால், விலை பத்து சதவீதத்தை நெருங்கி இறங்கும்போதே அவருடைய மார்ஜின் தீர்ந்து, எக்ஸ்சேஞ்சின் இயந்திரம் அவருடைய நிலையை எடுத்து விற்றுவிடும். அந்த விற்பனை விலையை இன்னும் இறக்கும். அது அடுத்தவரை லிக்விடேஷனுக்குத் தள்ளும். ஸ்பாட் சந்தையில் யாரும் அவசரப்படாவிட்டாலும், இரு சந்தைகளுக்கும் இடையே விலை வித்தியாசத்தில் ஆதாயம் பார்ப்பவர்கள் அந்த இறக்கத்தை ஸ்பாட் சார்ட்டுக்கும் கொண்டுவந்துவிடுவார்கள். மே 19-இன் சரிவில் இந்த லிக்விடேஷன் தொடருக்குப் பெரும் பங்கு இருந்தது. பைனான்ஸில் லோ 30,000 என்ற முழு எண்ணிலேயே நின்றது, அங்கே வாங்கும் லிமிட் ஆர்டர்கள் குவிந்திருந்தன என்பதைக் காட்டுகிறது. ஆக அந்த விக்கில் இரண்டும் கலந்திருந்தன: கட்டாய விற்பனை தீர்ந்ததும் ஒரு பங்கு, காத்திருந்த ஆர்டர்கள் தாங்கியதும் ஒரு பங்கு.

எந்தப் பங்கு பெரியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நான் முதலில் பார்ப்பது நேரத்தை. தினசரி கேண்டிலை விட்டு 1 நிமிட, 5 நிமிட சார்ட்டுக்கு இறங்கி, விக்கின் கீழ்ப்பாதிக்குள் விலை எவ்வளவு நேரம் இருந்தது என்று பார்க்க வேண்டும். இரண்டு நிமிடம் மட்டும் தொட்டுத் திரும்பியிருந்தால் அங்கே வாங்கியவர்கள் சிலரே. ஒரு மணி நேரம் அங்கேயே சுற்றி, நல்ல வால்யூமோடு மேலே வந்திருந்தால், விற்க வந்த எல்லாரிடமிருந்தும் யாரோ பொறுமையாக வாங்கியிருக்கிறார்கள். அடுத்தது ஃபியூச்சர்ஸின் ஓப்பன் இன்ட்ரெஸ்ட், அதாவது இன்னும் மூடப்படாமல் நிற்கும் ஒப்பந்தங்களின் மொத்தம். விக் உண்டான அதே நேரத்தில் அது செங்குத்தாக விழுந்திருந்தால், பழைய நிலைகள் மூடப்பட்டதுதான் நடந்தது. புதுப் பணம் வந்ததற்கு அது சான்றல்ல.

மூன்றாவது சோதனை மிக எளிது, ஆனாலும் பலர் செய்வதில்லை: அதே நாளை இன்னொரு எக்ஸ்சேஞ்சில் பார்ப்பது. 2021 அக்டோபர் 21 அன்று பைனான்ஸின் அமெரிக்கக் கிளையில் பிட்காயின் 65,000 டாலர் அளவிலிருந்து ஒரே நிமிடத்துக்குள் 8,200 வரை விழுந்து திரும்பியது. ஒரு நிறுவன வாடிக்கையாளரின் வர்த்தக அல்காரிதத்தில் இருந்த பிழையே காரணம் என்று எக்ஸ்சேஞ்ச் அறிவித்தது. மற்ற பெரிய எக்ஸ்சேஞ்சுகளின் சார்ட்டில் அந்த விக் கிடையாது. ஒரு கடையில் மட்டும் நடந்த தவறு சந்தை முழுவதின் அழுத்தம் ஆகாது. விக் பிட்காயினுடையது என்று சொல்ல, அது குறைந்தது மூன்று பெரிய எக்ஸ்சேஞ்சுகளிலாவது ஒத்த அளவில் தெரிய வேண்டும் என்பது என் நிபந்தனை. ரூபாய் ஜோடிகளில் இது இன்னும் தேவை. உள்ளூர் ஆர்டர் புக் மெலிந்திருப்பதால் ஒரே ஆர்டர் நீண்ட விக்கை வரைந்துவிட்டுப் போகும்.

குளோஸ் என்பது யார் வைத்த எல்லை

பங்குச் சந்தைக்கு மணி உண்டு. மும்பையில் 3:30-க்கு வர்த்தகம் முடிகிறது. அந்தக் குளோஸ் விலையை ஏற்றுக்கொண்டு இரவைக் கடக்க வேண்டும் என்பதால் அந்த எண்ணுக்குக் கனம் இருக்கிறது. கிரிப்டோவுக்கு மணியும் இல்லை, இரவும் இல்லை. பெரும்பாலான சார்ட்டுகள் யுடிசி நேரம் நள்ளிரவில், அதாவது நம் நேரம் காலை 5:30-க்கு, நாளை வெட்டுகின்றன. அந்த நொடியில் சந்தையில் எதுவும் முடிவதில்லை. முந்தைய குளோஸும் அடுத்த ஓப்பனும் ஏறத்தாழ ஒரே எண். பங்குகளில் வரும் இடைவெளிகளை நம்பிய கேண்டில் வடிவங்கள் பலவும் இங்கே பொருந்தாமல் போவது இதனால்தான்.

இதன் விளைவு உடலுக்கும் விக்குக்கும் நேரடியாக வந்து சேர்கிறது. மே 19-இல் 30,000 என்ற லோ வந்தது யுடிசி பகல் 1 மணி வாக்கில், நமக்கு மாலை 6:30. நாளை அந்த மணியில் வெட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு கேண்டில் கீழ் விக்கே இல்லாமல் அடியில் முடிந்த மாபெரும் சிவப்பு உடலாக நின்றிருக்கும். அடுத்தது அடியிலிருந்து எழும் பெரிய பச்சை உடல். அதே வர்த்தகங்கள், அதே மனிதர்கள், அதே பணம். ஆனால் "நீண்ட கீழ் விக்" என்ற பேச்சே எழுந்திருக்காது. ஆகவே ஒரு தினசரி விக் முக்கியமானதாகத் தெரிந்தால், 4 மணி நேர, 12 மணி நேர கேண்டில்களிலும் அதே கதை தெரிகிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. வெட்டும் இடத்தை மாற்றியதும் மறைந்துபோகும் செய்தியை அழுத்தம் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

கேண்டில் மறைக்கும் இன்னொன்று வரிசை. 2021 நவம்பர் 10 அன்று பிட்காயின் அதுவரை காணாத 69,000 டாலரைத் தொட்டது. ஓப்பன் ஏறத்தாழ 66,950, ஹை 69,000, லோ 62,820, குளோஸ் 64,880. கணக்கிட்டுப் பார்த்தால் மேல் விக், உடல், கீழ் விக் மூன்றும் கிட்டத்தட்ட சமம். ஒவ்வொன்றும் வீச்சில் மூன்றில் ஒரு பங்கு. குளோஸின் இடம் 0.33. உச்சத்தில் வரும் என்று புத்தகங்கள் படம் போட்டுக் காட்டும், சிறிய உடலும் நெடிய மேல் விக்கும் கொண்ட 'ஷூட்டிங் ஸ்டார்' அல்ல இது. எந்த மாதத்திலும் காணக்கூடிய சாதாரணச் சிவப்பு கேண்டில். இருந்தும் அந்த 69,000-ஐத் தாண்டப் பிட்காயினுக்கு 2024 மார்ச் வரை ஆனது.

அன்று முதலில் வந்தது ஹை. அமெரிக்கப் பணவீக்கம் 6.2 சதவீதம் என்ற அறிவிப்பு வந்த கையோடு விலை ஏறி உச்சத்தைத் தொட்டது. பிறகு இறங்கி லோவைத் தொட்டு, கொஞ்சம் மீண்டு முடிந்தது. மாறாக, முதலில் 62,820-க்கு விழுந்து, அங்கிருந்து 69,000 வரை ஏறி, பிறகு 64,880-க்குச் சரிந்து முடிந்திருந்தாலும் இதே கேண்டில்தான் வரும். முதல் பாதையில் நாளின் கடைசிச் சொல் வாங்குவோருடையது; இரண்டாவதில் விற்போருடையது. இரு பக்கமும் விக் உள்ள கேண்டிலை மட்டும் பார்த்து இதைச் சொல்ல யாராலும் முடியாது. ஒரு மணி நேர சார்ட்டைத் திறந்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

நிறத்துக்குப் பின்னால் யார் அவசரப்பட்டது

அழுத்தத்தை அவசரம் என்று எடுத்துக்கொண்டால், அதை நேரடியாகவே அளக்க ஒரு வழி இருக்கிறது. பங்குச் சந்தையில் இவ்வளவு எளிதாகவும் இலவசமாகவும் கிடைக்காத வசதி இது. பைனான்ஸ் தன் ஒவ்வொரு கேண்டிலோடும், மொத்த வால்யூமில் எவ்வளவு வாங்குவோர் தாமே முன்வந்து எடுத்தது என்பதையும் தருகிறது. மே 19 கேண்டிலைக் கேட்க இந்த முகவரி போதும்:

```
https://api.binance.com/api/v3/klines?symbol=BTCUSDT&interval=1d&startTime=1621382400000&limit=1
```

வரும் விடையில் ஆறாவது எண் மொத்த வால்யூம், பத்தாவது எண் டேக்கர் வாங்கல். பத்தாவதை ஆறாவதால் வகுத்தால், வாங்குவோரின் அவசரம் எத்தனை பங்கு என்று கிடைக்கும். மீதி விற்போருடைய அவசரம்.

இந்த எண் கேண்டிலின் நிறத்தோடு முரண்படும்போதுதான் கற்றுக்கொள்ள அதிகம் இருக்கிறது. ஓர் உதாரணத்துக்கு, மேல் விக் நீண்ட ஒரு சிவப்பு கேண்டிலில் 1,000 காயின் கைமாறி, அதில் 560 டேக்கர் வாங்கல் என்று வைத்துக்கொள்வோம். அவசரப்பட்டவர்களில் பெரும்பான்மையினர் வாங்குவோர். ஆனால் விலை இறங்கியிருக்கிறது. மேலே யாரோ லிமிட் ஆர்டர்களைக் குவித்து, வந்த வாங்கலையெல்லாம் சலனமில்லாமல் விழுங்கியிருக்கிறார்கள் என்பதே இதற்குப் பெரும்பாலும் விளக்கம். மேல் விக்கை "விற்போர் பாய்ந்து அடித்தார்கள்" என்று படித்தால் தவறு. விற்போர் அசையாமல் நின்றார்கள், களைத்துப்போனது வாங்குவோர். அதே மேல் விக் 430 டேக்கர் வாங்கலோடு வந்திருந்தால் உண்மையிலேயே விற்போர் இறங்கி அடித்திருக்கிறார்கள். இரண்டும் எதிர்மறைச் செய்திதான். ஆனால் முதலாவதில் அந்த லிமிட் ஆர்டர்கள் இன்னும் அங்கேயே இருக்க வாய்ப்புண்டு. அடுத்த முறை விலை அங்கே போகும்போது பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

இந்த அளவுக்கும் எல்லை உண்டு. இது ஒரே ஒரு எக்ஸ்சேஞ்சின் ஸ்பாட் சந்தையைத்தான் காட்டுகிறது. ஃபியூச்சர்ஸுக்குத் தனி எண்களை எடுக்க வேண்டும். எக்ஸ்சேஞ்சே அறிவிக்கும் வால்யூமை நம்பலாமா என்ற கேள்வியும் இருக்கிறது. 2019 மார்ச்சில் பிட்வைஸ் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனம், அறிவிக்கப்படும் பிட்காயின் வர்த்தக அளவில் ஏறத்தாழ 95 சதவீதம் போலி என்று அந்நாட்டுப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையத்திடம் விளக்கம் சமர்ப்பித்தது. போலி வால்யூமில் அளந்த அவசரமும் போலிதான்.

ஆய்வுகள் எங்கே நிற்கின்றன

கேண்டிலைப் படித்து வர்த்தகம் செய்தால் லாபம் வருமா என்ற கேள்வியைப் பங்குச் சந்தையில் கறாராகச் சோதித்தவர்கள் உண்டு. நியூசிலாந்தின் மேசி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ஷல், யங், ரோஸ் ஆகிய மூவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு, டவ் ஜோன்ஸ் குறியீட்டுப் பங்குகளின் 1992 முதல் 2002 வரையிலான தரவில் கேண்டில் உத்திகளைச் சோதித்து, அவை முதலீட்டாளருக்குக் கூடுதல் பயன் எதையும் தரவில்லை என்ற முடிவுக்கு வந்தது. ஒற்றைக் கேண்டில்களும் அந்தச் சோதனையில் இருந்தன.

அந்த முடிவை நான் ஏற்கிறேன். ஆனால் அது எந்தக் கேள்விக்கான விடை என்பதையும் பார்க்க வேண்டும். வடிவத்தைக் கண்டதும் வாங்கு, விற்று வெளியே வா என்ற இயந்திர விதிக்கு லாபம் இல்லை என்பதே அது சொல்வது. நேற்று நடந்த இழுபறி யார் கையில் முடிந்தது என்று புரிந்துகொள்ளக் கேண்டில் உதவுமா என்பது வேறு கேள்வி. அதற்கு உதவும், மேலே பார்த்த நிபந்தனைகளோடு. நேற்றைய அழுத்தம் நாளையும் தொடரும் என்பதற்கு மட்டும் கேண்டிலில் எந்த உத்தரவாதமும் இல்லை.

இன்னும் முடியாத கேண்டிலைப் பற்றி ஒரு வார்த்தை. இரவு 11 மணிக்குச் சார்ட்டில் தெரியும் தினசரி விக், காலை 5:30-க்குள் உடலாக மாறலாம். கீழ் விக் என்று நினைத்ததைச் சிவப்பு உடல் விழுங்கிவிட்டுப் போன நாள்கள் ஏராளம். மே 19 மாலை 6:30-க்குச் சார்ட்டைத் திறந்தவர் கண்டது கீழ் விக்கே இல்லாத சிவப்பு உடல். இரவில் திறந்தவர் கண்டது நீண்ட விக். இரண்டு பேரும் முடிவு எடுத்திருந்தால் இரண்டும் அரைகுறைக் கேண்டிலை வைத்து எடுத்தவை.

கடைசியாக, இந்த வாசிப்பு எதுவும் செல்லுபடியாகாத இடம் ஒன்று இருக்கிறது: சிறிய காயின்கள். அவற்றின் சார்ட்டைத் திறந்தால் உடலே இல்லாத கேண்டில்கள், மேலும் கீழும் உயரமான கோடுகளோடு வரிசையாக நிற்கும். வர்த்தகர்கள் அதை 'பார்கோடு' என்பார்கள். அங்கே விக் வாங்குவோரையும் காட்டாது, விற்போரையும் காட்டாது. ஆர்டர் புக் காலியாக இருப்பதைத்தான் காட்டும். இதைக் கண்டுபிடிக்கக் கேண்டிலைப் பார்க்க வேண்டியதில்லை. காயின்கெக்கோ போன்ற தளங்களில் ஒவ்வொரு காயினின் சந்தைப் பட்டியலிலும், இப்போதைய விலைக்கு 2 சதவீதம் மேலேயும் 2 சதவீதம் கீழேயும் எவ்வளவு டாலருக்கு ஆர்டர்கள் காத்திருக்கின்றன என்று போட்டிருப்பார்கள். கீழ்ப்பக்க எண் 5,000 டாலர் என்றால், 10,000 டாலருக்குக் காயின் வைத்திருக்கும் தனி ஒருவர் மார்க்கெட் ஆர்டரில் விற்றாலே அந்த நாளின் கீழ் விக் முழுவதும் அவர் வரைந்ததாக இருக்கும்.